தெரிந்தவர் என்ற பொத்தான்

ஒரு நாளைக்கு முந்நூறு முகம் பார்ப்பது அவளுடைய வேலை. முந்நூறு என்றால் சும்மா இல்லை, ஒவ்வொன்றும் இரண்டு முகம். இடது பக்கம் அடையாள அட்டையில் இருக்கும் போட்டோ, வலது பக்கம் அந்த ஆள் இப்போது தன் போனைத் தூக்கிப் பிடித்து எடுத்த செல்ஃபி. இரண்டும் ஒரே ஆளா, இல்லையா? ஆமாம் என்றால் ஒரு பொத்தான், இல்லை என்றால் இன்னொரு பொத்தான். மூன்றாவதாக ஒரு பொத்தானும் உண்டு. அதன் பெயர் ‘தெரிந்தவர்’. திரையில் வரும் ஆள் நமக்குப் பழக்கமானவராக இருந்தால் அதை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கேஸ் வேறு ஊரிலிருக்கும் குழுவுக்குப் போய்விடும். எட்டு வருஷத்தில் அந்தப் பொத்தானை அவள் ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆட்கள் குறைவு.

முகம் பார்க்க மெஷின் இருக்கிறதே, நடுவில் மனுஷி எதற்கு என்று கேட்கலாம். மெஷின் தன் பங்கை ஒழுங்காகத்தான் செய்கிறது. அட்டையிலிருந்து போட்டோவை மட்டும் வெட்டி எடுக்கும். கண் எங்கே, மூக்கு நுனி எங்கே, வாயின் ஓரங்கள் எங்கே என்று குறித்துக்கொண்டு, சாய்ந்திருக்கும் தலையை நேராக நிமிர்த்தும். பிறகு அந்த முகத்தைச் சில நூறு எண்களாக மாற்றும். செல்ஃபியையும் அப்படியே. இரண்டு வரிசை எண்களும் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்து ஒரு மார்க் போடும். இந்த வேலையைக் கொடுத்த வங்கி வைத்த கோட்டுக்கு மேலே போனால் உள்ளே வா, ரொம்பக் கீழே போனால் வெளியே போ. கோட்டை இறக்கினால் திருடன் நுழைவான், ஏற்றினால் சொந்தக்காரனே வாசலில் நிற்பான். அதனால் நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். அந்த நடு இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் அவளிடமும் அவளைப் போன்ற இருபது பேரிடமும் வந்து சேருவார்கள். தாடி எடுத்தவர்கள், பல் போனவர்கள், இளைத்தவர்கள், பத்து வருஷத்துக்கு முந்தைய போட்டோவை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுபவர்கள்.

அலுவலகத்தில் அவளுக்கு மாஸ்க் அக்கா என்று பெயர். மூன்று வருஷமாக மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க், கண்ணுக்குப் புகைநிறக் கண்ணாடி, நெற்றியில் இறக்கி வாரிய முடி. ஏ.சி. தூசு ஒத்துக்கொள்ளாது, கண் காய்ந்துபோகும் என்று சொல்லி வைத்திருந்தாள். பாதி உண்மை. மீதிப் பாதி, ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது வாயிலிருந்து தண்ணீர் தானாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தின் இடது பக்கம் தொங்கிக் கிடந்தது. முகவாதம் என்றார் டாக்டர். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதத்தில் சரியாகிவிடும் என்றும் சொன்னார். அந்தப் பெரும்பாலானவர்களில் அவள் இல்லை. இடது கண் முழுதாக மூடாது. சிரித்தால் வலது ஓரம் மட்டும் மேலே போகும். அந்த வேலையில் இரண்டு வருஷத்துக்கு மேல் யாரும் தங்குவது அபூர்வம் என்பதால், அவளுடைய பழைய முகத்தை அறிந்த கடைசி ஆளும் போய் நாளாகிவிட்டது. நிர்வாகம் வேறு, பாதுகாப்புக்காக எல்லாரையும் பெயரில்லாமல் எண்ணாகத்தான் வைத்திருந்தது. பெயரும் இல்லை, முகமும் இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் முகத்தைச் சரிபார்க்க அது போதுமாயிருந்தது.

ஹாஸ்டலில்தான் பெரிய தொல்லை. மூன்று கட்டில் உள்ள அறை. மற்ற இரண்டு கட்டில்களில் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். விளக்கை அணைக்கும்வரை அவள் மாஸ்க்கைக் கழற்றுவதில்லை. சாப்பாட்டைத் தட்டோடு மாடிப்படிக்கு எடுத்துப்போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். இப்படியே மூன்று வருஷம் ஓட்டியவளுக்கு, போன மாதம் ஒரு வீடு கண்ணில் பட்டது. ஒரு அறை, ஒரு சமையலறை, உள்பக்கம் தாழ்ப்பாள். ஒரு கதவைச் சாத்திக்கொண்டு வெறும் முகத்தோடு நடமாடலாம். அந்த ஆசைக்கு என்ன விலை என்று அவளுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்காரம்மா கறார் ஆள். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பிடிச்சு வைக்கறேன். அட்வான்ஸ் உங்க கணக்குலேர்ந்துதான் வரணும், வேற யாரு கணக்குலேர்ந்தும் வேணாம். ஒப்பந்தத்துல அந்த நம்பரைத்தான் எழுதுவேன்” என்று சொல்லிவிட்டாள்.

அதற்கென்ன என்று இருந்தாள் இவள். திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது போன் கைதவறி விழுந்து, பின்னால் வந்த வண்டி அதன்மேல் ஏறிப் போனது. புதுப் போன் வாங்கினாள். வங்கி ஆப்பை இறக்கினாள். அது கிளைகள் இல்லாத வங்கி, எல்லாமே போனில்தான். அவளுடைய அலுவலகம் முகம் பார்த்துக் கொடுப்பதும் அதே வங்கிக்குத்தான். ‘புதிய போன் என்பதால் உங்களைச் சரிபார்க்க வேண்டும்’ என்று ஆப் சொன்னது. அடுத்து என்ன கேட்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

அலுவலகக் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மாஸ்க்கையும் கண்ணாடியையும் கழற்றினாள். அட்டையைப் படமெடுத்தாள். அது பதினோரு வருஷத்துக்கு முந்தைய முகம். பிறகு திரையில் ஒரு வட்டம் வந்தது. அதற்குள் முகத்தை வைத்தாள். திரை சிவப்பு, நீலம், வெள்ளை என்று மாறி மாறி மின்னியது. அந்த வெளிச்சம் தோலின்மேல் எப்படி விழுந்து திரும்புகிறது என்று ஆப் பார்க்கிறது. காகிதத்தில் அச்சடித்த போட்டோவிலும், இன்னொரு போனின் திரையிலும் அது வேறு மாதிரி திரும்பும். அது சரியாகப் போனது. அடுத்து, ‘தலையை இடப்பக்கம் திருப்பவும்’. திருப்பினாள். ‘கண்களைச் சிமிட்டவும்’. சிமிட்டினாள். மெஷின் காத்துக்கொண்டே இருந்தது. இரண்டு கண்ணும் மூடினால்தானே அதற்குச் சிமிட்டல்? ‘மீண்டும் முயலவும்.’ இரண்டாம் தடவை வரிசை மாறி, முதலில் சிரிக்கச் சொன்னது. முன்பே எடுத்து வைத்த வீடியோவை யாரும் ஓட்டிக் காட்டிவிடக் கூடாதென்று ஒவ்வொரு தடவையும் கலைத்துத்தான் கேட்கும். சிரித்தாள். பாதிச் சிரிப்பை மெஷின் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் தடவையும் தோற்ற பிறகு, ‘எங்கள் ஊழியர் ஒருவர் பார்த்துச் சொல்வார்’ என்று வந்தது.

எந்த ஊழியர் என்று அவளுக்கு மறுநாள் தெரிந்தது.

அவளுக்குப் பக்கத்து சீட்டில் ஒருவன் இரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தான். கல்யாணமாகிக் கைக்குழந்தை உள்ளவன், வேலையில் சுத்தம். சந்தேகம் வந்தால் கேட்காமல் விடமாட்டான். விதிப்படி அடுத்தவருக்குத் திரையைக் காட்டக் கூடாது, ஆனால் எல்லாரும் காட்டுவார்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவன் தன் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

“அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்.”

பார்த்தாள். அவளேதான். கழிப்பறை ஓடுகளுக்கு முன்னால், வெறும் முகத்தோடு, கண்ணைச் சிமிட்ட முயன்றுகொண்டிருந்தாள்.

“மார்க் நடுவுல நிக்குது. ஆனா வீடியோவைப் பாருங்க, ஒரு கண்ணு மூடுது, ஒரு கண்ணு மூடவே இல்ல. வாயும் ஒரு ஓரம்தான் நகருது. யாரோ போட்டோவை எடுத்துக் கம்ப்யூட்டர்ல ஆட்டிவிட்டு, கேமராவுக்குப் பதிலா நேரா ஆப்புக்குள்ள தள்ளியிருக்காங்க. உங்க குறிப்புல இருக்கற மாதிரி அப்படியே இருக்கு, இல்லக்கா?”

உங்க குறிப்பு. ஆமாம், நாலு வருஷத்துக்கு முன்னால், முகம் நன்றாக இருந்த காலத்தில், புதிதாகச் சேருபவர்களுக்காக அவள்தான் எழுதிக் கொடுத்தாள். ‘ஒரு கண் மட்டும் மூடினாலோ, சிரிக்கும்போது உதட்டின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தாலோ, மாற்றப்பட்ட வீடியோ என்று சந்தேகிக்கவும்.’ அப்போதிருந்த மேலாளர் பாராட்டிச் சட்டம் போட்ட சான்றிதழ்கூடக் கொடுத்தார். முகவாதம் என்று ஒரு நோய் உலகத்தில் இருப்பதை அந்தக் குறிப்பில் ஒரு வரி எழுத அவளுக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும், பட்டால்தானே தெரியும்!

நான்தான் என்று சொன்னால் அவன் ‘தெரிந்தவர்’ பொத்தானை அழுத்தியாக வேண்டும். வேறு ஊர்க் குழு, நாலைந்து வேலை நாள் ஆகும். வெள்ளிக்கிழமை தாண்டிவிடும், வீடு கைநழுவிவிடும். நிஜமான வீடியோதான், விட்டுவிடு என்று சொன்னால் தன் கேஸைத் தானே பாஸ் செய்ததாகும். எட்டு வருஷத்தில் அப்படி ஒரு காரியம் அவள் செய்ததில்லை. இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவன் அந்த முகத்தையும் பார்த்தான், அவளையும் பார்த்தான், அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு உள்ளே எங்கேயோ போய்க் குத்தியது.

“உனக்கு என்ன தோணுதோ அதையே போடு, தம்பி” என்றாள்.

அவன் போட்டான். ஐந்து நிமிஷத்தில் அவள் பையிலிருந்த போன் ஒரு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கத் தேவையில்லாமலே அதிலிருந்த வாசகம் அவளுக்கு மனப்பாடம். அதை எழுதியதும் இந்த அலுவலகம்தான்.

சாயங்காலம் அவள் மேலாளருக்கு ஒரு மெயில் எழுதினாள். குறிப்பில் திருத்தம் வேண்டும், முகத்தில் நோய் உள்ளவர்கள் உண்மையான ஆட்களாக இருந்தும் தள்ளப்படுகிறார்கள், அப்படிப்பட்ட கேஸைத் தள்ளாமல் நேரடி வீடியோ அழைப்புக்கு அனுப்ப வேண்டும் என்று. நல்ல யோசனை, அடுத்த மாதக் கூட்டத்தில் பேசலாம் என்று பதில் வந்தது. மேலாளருக்கு எந்த அவசரமும் இல்லை, அவருக்கு வீடு இருந்தது.

இரவு அக்காவிடமிருந்து போன் வந்தது. தூரத்து ஊரில் குடும்பத்தோடு இருக்கிற, கூடப்பிறந்த ஒரே அக்கா.

“ஏண்டி, வீடியோல வாயேன். உன் மூஞ்சியப் பார்த்து எத்தனை வருஷமாச்சு?”

“இங்க சிக்னல் சரியில்லக்கா.”

“எப்பக் கேட்டாலும் இதையே சொல்லு. நல்லாத்தானே இருக்க?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

அந்தப் பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. உண்மையைச் சொன்னால் அக்கா அழுவாள், அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள், அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லுவாள். அழுகைக்கும் ஆறுதலுக்கும் ஈடுகொடுக்க இவளிடம் தெம்பு இல்லை. அதனால் இத்தனை நாளும் சிக்னல்மேலேயே பழியைப் போட்டு வந்தாள். தனிமை அவளுக்குப் பிடித்த விஷயம் என்று யாராவது நினைத்தால் அது சுத்தப் பொய்.

தள்ளப்பட்டவர்களுக்கு ஒரு வழி பாக்கி உண்டு. மேல்முறையீடு செய்தால், ஆப்பிலேயே ஊழியர் ஒருவர் நேரடியாக வீடியோவில் பேசிப் பார்ப்பார். வியாழன் மதியம் இரண்டரை மணிக்கு அவளுக்கு நேரம் ஒதுக்கினார்கள். அரை நாள் லீவு போட்டாள். அறையில் மற்ற இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கட்டிலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, முகத்தில் நல்ல வெளிச்சம் விழும்படி வைத்துக்கொண்டாள். மாஸ்க்கை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள். வீடியோ அழைப்புக்கென்று அலுவலகத்தில் ஐந்து பேர் முறை வைத்துக் கண்ணாடி அறைக்குப் போவார்கள். அவர்களில் அந்தப் பக்கத்து சீட்டுக்காரனும் ஒருவன். ஐந்தில் ஒன்றுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த ஒன்றுதான் வந்தது.

“வணக்கம் மேடம். இந்தப் பேச்சு பதிவாகுது. உங்களுக்குச் சம்மதமா?”

இரண்டு வருஷமாகப் பக்கவாட்டில் மட்டுமே பார்த்த முகம், இப்போதுதான் நேருக்கு நேர். அவனுக்குப் புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதே அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அவள் தலையாட்டினாள்.

“வாயால சொல்லணும் மேடம்.”

“சம்மதம்” என்றாள். அந்த ‘ம’ ஒவ்வொன்றும் உதடு ஒட்டாமல் காற்றாகத்தான் வந்தது. குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவானோ? மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறவளின் குரலை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

“நீங்க முன்னாடி அனுப்பின வீடியோவைத் தள்ளினது நான்தான் மேடம். மாத்தின வீடியோன்னு நினைச்சுட்டேன். இப்ப நேர்ல பார்க்கறேன். அட்டையைக் காட்டுங்க. அதைக் கொஞ்சம் சாய்ங்க, அதுல இருக்கற முத்திரையோட பளபளப்பு தெரியணும். ம், சரி.” அட்டையிலிருந்த பெயரைச் சத்தமாகப் படித்தான். அது அவனுக்கு யாரோ ஒருத்தியின் பெயர். “இது நீங்கதானே?”

“நான்தான்.”

“தலையை முழுசா இடது பக்கம் திருப்புங்க. இப்ப வலது. உள்ளங்கையை மூஞ்சிக்கு முன்னாடி மெதுவா இப்படியும் அப்படியும் கொண்டுபோங்க.” வேறொருவர் முகத்தைக் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், கை குறுக்கே போகும்போது ஓரங்கள் கலங்கும். அவள் கை போய் வந்தது. எதுவும் கலங்கவில்லை. “திரையில வர்ற நாலு எண்ணைப் படிங்க.”

படித்தாள். அவன் திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்தான். இப்போது, இப்போது சொல்லிவிடுவான், அக்கா நீங்களா என்று. சொல்லிவிட்டால் வீடு போய்விடும். சொல்லாதே, சொல்லாதே என்று வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டிக்கொண்ட அதே நேரத்தில், சொல்லிவிடேன் என்றும் உள்ளே ஏதோ ஒன்று கெஞ்சியது. இரண்டில் எது தன் உண்மையான ஆசை என்று அவளால் அப்போது தீர்மானிக்க முடியவில்லை.

“வலிக்குமா மேடம்?” என்று கேட்டான் அவன்.

அது அவன் கேட்க வேண்டிய கேள்விகளில் இல்லாதது. மூன்று வருஷத்தில் டாக்டரைத் தவிர யாரும் அவளிடம் கேட்காததும்கூட. கேட்பதற்கு யாருக்கும் அவள் வழி வைக்கவில்லை என்பதும் உண்மைதான்.

“இப்ப இல்ல” என்றாள். வலது கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இடது கண் எப்போதும்போல விழித்தபடி இருந்தது.

“சரி மேடம். உங்களைத் தப்பா நினைச்சதுக்கு மன்னிச்சிடுங்க.”

பிறகு கிளிக் சத்தங்கள் கேட்டன. அந்தப் படிகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. முதல் கிளிக், ஒரே ஆள். இரண்டாவது, உயிருள்ள ஆள் எதிரே இருக்கிறார். மூன்றாவது கிளிக் விழாமல் ஒப்புதல் போகாது. ‘இவர் எனக்கு முன்பின் தெரியாதவர் என உறுதி அளிக்கிறேன்.’ அவன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

மூன்று மணிக்குள் கணக்கு திறந்துவிட்டது. அட்வான்ஸ் போனது. வீட்டுக்காரம்மா சாவியின் படத்தை அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்று எழுதினாள். அவள் கட்டிலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கேட்டது கிடைத்தாயிற்று. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அறைக்காரிகள் வரும் நேரமாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவன் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தான். அவள் பையை வைத்து முடிக்கும்வரை பொறுமையில்லை அவனுக்கு.

“அக்கா, செவ்வாக்கிழமை ஒரு கேஸ் காட்டினேனே, ஒரு கண்ணு மூடாம. அது போலி இல்லக்கா. நிஜமான ஆளு. நேத்து எங்கிட்டயே வீடியோல வந்தாங்க. மூஞ்சி ஒரு பக்கம் விழுந்துபோயிருக்கு. எனக்கு ராத்திரி பூரா மனசே சரியில்ல. வீட்ல சொன்னேன், அவளும் வருத்தப்பட்டா. அந்தம்மா பாவம், யாருமே இல்லாத ஆளு மாதிரி இருந்தாங்க.”

“எப்படிச் சொல்ற?” என்றாள் அவள்.

“வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டேன். அதுக்கே கண்ணு கலங்கிடுச்சு.”

அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனாலும் எட்டு வருஷப் பழக்கம் வாயிலிருந்து வந்துவிட்டது.

“நல்லாப் பார்த்தியா? அந்த ஆள்தான்னு நிச்சயமாத் தெரியுமா உனக்கு?”

“என்னக்கா இப்படிக் கேக்கறீங்க” என்று அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். கைநீட்டினால் தொட்டுவிடும் தூரம். “அந்த முகத்தை இனி எந்தக் கூட்டத்துல பார்த்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்.”

அவள் தலையை ஆட்டினாள். அன்றைய முதல் இரண்டு முகங்கள் அவள் திரையில் வந்து நின்றன.